தேர்வுக் குறிப்பு: சென்னை மாகாணத்தில் வரி கூடியதா, இல்லை வேறு ஏதோ மாறியதா? (திருத்தித் தாருங்கள்)

அரியர்_ஆனந்தி

வணக்கம். பி.ஏ. வரலாறு கடைசி வருடம். காலனி ஆட்சியில் வணிகமும் வரியும் எப்படி மாறின என்று பத்து மதிப்பெண் கேள்வி நிச்சயம் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்தியா முழுவதையும் எழுதப் போனால் ஒன்றும் உருப்படியாக வராது, அதனால் சென்னை மாகாணத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். என் குறிப்பு இதுதான், கிழித்துத் தொங்கவிட்டாலும் பரவாயில்லை:

"1820-இல் தாமஸ் மன்றோ ரயத்துவாரி முறையை அறிமுகப்படுத்தினார். ஜமீன்தார் இல்லாமல் விவசாயியிடம் அரசே நேரடியாக வரி வாங்கியது. விளைச்சலில் பாதி வரியாகப் போனது. முந்தைய அரசர்கள் ஆறில் ஒரு பங்குதான் வாங்கினார்கள். இங்கிலாந்துத் துணி வந்ததால் நெசவாளர்கள் அழிந்தார்கள். கம்பெனி தறிக்கும் வரி போட்டது."

இதில் எது தப்பு?

சுங்கச்சாவடி

தப்பு எதுவும் இல்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சூரியன் மறைவதற்குள் வரி கட்டாவிட்டால் நிலம் ஏலம். இதை எழுதினால் திருத்துபவருக்குப் பிடிக்கும்.

பழையபசலி

சுங்கச்சாவடி, அது வங்காளத்து ஜமீன்தாருக்கு வைத்த விதி. அங்கே கட்டத் தவறினால் ஏலம் போனது ஜமீனே. இங்கே ரயத்துவாரி விவசாயிக்கு அதைக் கொண்டுவந்து ஒட்டினால், திருத்துபவர் கொஞ்சம் படித்தவராக இருந்தால் அந்த இடத்திலேயே பேனாவை வைத்துவிடுவார்.

ஆனந்தி, உங்கள் குறிப்பில் வாக்கியத்துக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, ஆனால் பயப்பட வேண்டாம், எல்லாம் ஒரே இடத்தில் போய் முடிகிற சிக்கல்தான். நான் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், பழைய கணக்குகளோடு கொஞ்சம் பழக்கம் உண்டு.

முதலில் 1820. ரயத்துவாரி அந்த வருடம் வானத்திலிருந்து விழவில்லை. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து 1792-இல் பாரமகால், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம், கம்பெனியின் கைக்கு வந்தது. அங்கே அலெக்சாண்டர் ரீட் வயல் வயலாக அளந்து ஆள் ஆளாக வரி பேசத் தொடங்கினார். மன்றோ அப்போது அவருக்குக் கீழே உதவியாளர். 1800 முதல் 1807 வரை பெல்லாரி, கடப்பைப் பக்கத்து மாவட்டங்களில் மன்றோ அதைப் பெரிய அளவில் செய்தார். நடுவில் சென்னை அரசே மனம் மாறி, 1802-இல் வங்காள முறையை இங்கேயும் கொண்டுவந்து சில மாவட்டங்களை ஜமீனாக விற்றது. சேலம் பக்கம் அப்படி வெட்டி ஏலம் விட்ட துண்டுகளுக்கு மிட்டா என்று பெயர். ரீட் அளந்த அதே மண்தான்! மிட்டா வாங்கியவர்களில் பலர் கட்ட முடியாமல் திணறினார்கள், நிறைய மிட்டாக்கள் அரசிடமே திரும்பின. அதற்கப்புறம் முழுக் கிராமத்தையும் குத்தகைக்கு விட்டுப் பார்த்தார்கள், அதுவும் சரிவரவில்லை. மன்றோ கவர்னராக வந்த 1820-இல்தான் ரயத்துவாரி மாகாணத்தின் பொது விதி ஆனது. அப்போதும் ராமநாதபுரம், சிவகங்கை போன்ற ஜமீன்கள் ஜமீனாகவே நின்றன. ஆகவே "அறிமுகப்படுத்தினார்" என்பதற்குப் பதில் "பொது முறையாக்கினார்" என்று எழுதுங்கள்.

கொல்லிமலை_குமார்

ஐயா, நீங்கள் வருவாய்த்துறை என்றதும் கேட்கத் தோன்றியது. எங்கள் தாத்தா பெட்டியில் ஒரு பழைய பட்டா இருக்கிறது. 1312 என்று வருடம் போட்டிருக்கிறது. பாண்டியர் காலத்து ஆவணமாக இருக்குமோ? அருங்காட்சியகத்தில் கொடுத்தால் வாங்குவார்களா?

பழையபசலி

குமார் தம்பி, அது பசலி 1312. பசலியோடு 590 கூட்டுங்கள், 1902 வரும். ஜூலை 1-இல் தொடங்கி அடுத்த ஜூன் வரை ஒரு பசலி, ஆகவே உங்கள் தாத்தாவின் பட்டா 1902-03 கணக்கு. பாண்டியர் காலத்தில் இவ்வளவு அழகாக அச்சடித்த படிவம் இருந்திருக்காது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், என்றைக்காவது பாகப்பிரிவினைக்கு உதவும்.

ஆனந்திக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. வரலாற்றுக் குறிப்பில் பசலி வருடம் வந்தால் மாற்றிப் பார்க்காமல் எழுதிவிடாதீர்கள்.

அரியர்_ஆனந்தி

நன்றி ஐயா. ஆனால் அடிப்படைக் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. வரி கூடியதா இல்லையா? ஆறில் ஒன்று இருந்தது, பாதி ஆனது என்றுதான் எங்களுக்கு வகுப்பில் சொன்னார்கள்.

பழையபசலி

ஆறில் ஒன்று என்பது நீதிநூலில் இருக்கும் எண். நடப்பில் கம்பெனிக்கு முன்னால் திப்புவோ ஆற்காட்டு நவாபின் குத்தகைதாரரோ ஆறில் ஒன்றோடு நின்றார்கள் என்று நினைத்தால் நாம் ரொம்ப அப்பாவி. அரசுக்கு மேல்வாரம், உழுபவருக்குக் குடிவாரம் என்று களத்திலேயே பிரிக்கும்போது அரசின் பங்கு பல ஊர்களில் பாதியைத் தொட்டது. மன்றோவின் அளவையில் விழுந்த தீர்வை விளைச்சலில் சுமார் 45 சதவீதம் என்று அவரே கணக்குப் போட்டார். போட்டுவிட்டு, இது தாங்காது, கால் பங்கு குறைத்து மூன்றில் ஒன்று அளவுக்குக் கொண்டுவாருங்கள் என்று 1807-இல் எழுதினார். மேலே இருந்தவர்கள் அன்றைக்குக் கேட்கவில்லை.

எனவே விகிதத்தை வைத்து "கூடியது" என்று வாதாடினால் எதிராளி உங்களை எளிதாக மடக்குவார். உண்மையில் மாறியது மூன்று விஷயம். களத்தில் நெல்லாகப் போனது பணமாகப் போகத் தொடங்கியது. ஊருக்கு மொத்தமாகப் பேசியது ஆளுக்கு ஆள் பட்டாவானது. விளைச்சல் எப்படி இருந்தாலும் மாதம் பார்த்துக் கிஸ்தி, அதாவது வரித் தவணை, கட்ட வேண்டியதாயிற்று. இந்த மூன்றில் முதலாவதுதான் உங்கள் பத்து மதிப்பெண்.

சுங்கச்சாவடி

பணமாகக் கட்டினால் என்ன, நெல்லாகக் கட்டினால் என்ன? மதிப்பு ஒன்றுதானே. அதோடு அதற்கு முன்பும் எத்தனையோ ஊரில் பணமாகக் கட்டியிருக்கிறார்கள், புன்செய்க்கு எல்லாம் பணத்தீர்வைதான். இதை என்னவோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த மாதிரிச் சொல்கிறீர்கள்.

பழையபசலி

இரண்டாவது நீங்கள் சொன்னது சரி, புன்செய்க்குப் பணத்தீர்வை பழைய வழக்கம்தான், நான் அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. முதலாவது சரியில்லை. ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் சௌகரியத்துக்கு வைத்தவை, எந்த ஊர்க் கணக்கிலும் இருந்து எடுத்தவை அல்ல.

ஒருவருக்கு நன்செய் இருக்கிறது, வருடம் 30 கலம் விளைகிறது. தீர்வை 12 ரூபாய். கலம் ஒரு ரூபாய் விற்கிற வருடத்தில் 12 கலத்தை விற்றுக் கட்டிவிடுவார், மீதி 18 கலம் வீட்டுக்கும் விதைக்கும். விளைச்சலில் நாற்பது சதவீதம் போயிற்று. இப்போது விலை முக்கால் ரூபாய்க்கு இறங்குகிறது. தீர்வை அதே 12 ரூபாய்தான், ஆனால் விற்க வேண்டியது 16 கலம். அரை ரூபாய்க்கு இறங்கினால் 24 கலம். வீட்டில் மிஞ்சுவது ஆறு. சர்க்கார் ஒரு பைசா கூட்டவில்லை, பட்டாவில் எந்த எண்ணும் மாறவில்லை, ஆனால் நாற்பது எண்பது ஆகிவிட்டது.

களத்தில் பங்காகக் கொடுத்த காலத்தில் விலை இறங்கினால் அரசுக்கும் சேர்ந்தே நஷ்டம். பணத்தீர்வையில் விலை இறக்கம் மொத்தமும் விவசாயி தலையில். கற்பனை வாதம் இல்லை இது. 1820-களின் நடுவில் தொடங்கி 1850-களின் தொடக்கம் வரை மாகாணத்தில் தானிய விலை நீண்ட காலம் அடிமட்டத்தில் கிடந்தது. மன்றோவின் ஆட்கள் தீர்வை போட்டபோது இருந்த விலை வேறு, கட்டியவர் மகன் காலத்து விலை வேறு.

அரியர்_ஆனந்தி

இது புரிந்துவிட்டது! ஆனால் பஞ்ச காலத்தில் விலை ஏறுமே, அப்போது அதே கணக்குப்படி வரி லேசாகத்தானே ஆக வேண்டும்?

பழையபசலி

விற்பதற்கு நெல் இருப்பவனுக்கு லேசாகும். 30 கலம் விளைய வேண்டிய இடத்தில் ஐந்து கலம் விளைந்தால் விலை இரண்டு மடங்கு ஆனாலும் பத்து ரூபாய்தான் கைக்கு வரும், அதுவும் வீட்டில் ஒரு படி நெல்கூட வைக்காமல். தீர்வை 12.

இதற்காகத்தான் வஜா என்று ஒரு ஏற்பாடு இருந்தது. விளையவில்லை என்றால் ஜமாபந்தியில், அதாவது வருடாந்தர வரிக் கணக்கு முடிப்பில், தள்ளுபடி கேட்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. அதைச் செய்தது எப்படி என்று பாருங்கள். பசலி ஜூலையில் தொடங்கும். எந்த வயலை வைத்துக்கொள்கிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்று விவசாயி சொல்ல வேண்டும், ஊர்க் கணக்கரான கர்ணம் அதை அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேட்டில் எழுதுவார். கிஸ்தியை மணியக்காரர் மாதம் மாதம் வசூலிப்பார். கலெக்டர் முகாம் போட்டு ஜமாபந்தி நடத்துவது சாகுபடிக் காலம் முடிகிற நேரத்தில். அப்போதுதான் வஜா முடிவாகும், பட்டா கையில் வரும். ஆகவே இந்த வருடம் நான் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது உறுதியாகத் தெரியும்போது பெரும்பாலான கிஸ்தி ஏற்கெனவே கட்டி முடிந்திருக்கும். நடுவில் "இந்த வயல் சாவி, இந்த வயல் விளைச்சல்" என்று எழுதும் பேனா கர்ணத்தின் கையில். சட்டத்தில் இடைத்தரகர் ஒழிந்தார் என்று உங்கள் குறிப்பில் ஒரு வாசனை அடிக்கிறது, அது வேண்டாம். ஜமீன்தார் போனார், அந்த இடத்தில் கர்ணமும் தாசில் கச்சேரியும் வந்து உட்கார்ந்தன.

அப்படி வசூலிக்க என்ன செய்தார்கள் என்பதற்கு அரசே ஒரு விசாரணைக் குழு போட வேண்டி வந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்து, 1854-இல் எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் மூவரையும் நியமித்தார்கள். 1855 அறிக்கையில் கிட்டி என்ற விரல் நெரிக்கும் மரக்கட்டையும், தலையைக் காலோடு சேர்த்துக் குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாளும் பதிவாகியிருக்கின்றன. வரி பாக்கிக்காகச் சித்திரவதை நடந்தது உண்மை என்று குழு ஒப்புக்கொண்டது, ஆனால் பழியை மட்டும் கீழ்நிலை இந்தியச் சிப்பந்திகள் மேல் இறக்கியது. தீர்வை நிர்ணயித்தவர் கண்ணில் படவில்லையாம்.

தறிக்காரன்_மகன்

இழையை இப்போதுதான் பார்க்கிறேன். வரி, நிலம் என்றே போய்க்கொண்டிருக்கிறதே, வணிகம் எங்கே? நான் சேலம் பக்கம், தலைமுறை தலைமுறையாகத் தறி. "இங்கிலாந்துத் துணி வந்ததால் நெசவாளர்கள் அழிந்தார்கள்" என்று படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அழிந்திருந்தால் நான் யார்? என் அப்பா இப்போதும் குழித்தறியில் உட்கார்ந்து கால் மிதிக்கிறார். எங்கள் பாட்டி சொன்னது, அவர்கள் வீட்டில் ராட்டை ஒன்று பரணில் கிடந்ததாம், யாரும் சுற்றியதை அவர் பார்த்ததே இல்லை. நூல் எல்லாம் சீமை நூல் கட்டாகத்தான் வரும் என்பார்.

பழையபசலி

தம்பி, உங்கள் பாட்டி ஒரு வரியில் சொன்னதைத்தான் ஆனந்தி எழுத வேண்டும். முதல் அடி விழுந்தது நூற்பவர்கள் மேல். அது பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை, வயலுக்குப் போகாத நாளில் ராட்டையில் வந்த சில்லறை வருமானம், விதவைகளுக்கும் வயதானவர்களுக்கும் அதுவே பிழைப்பு. இயந்திர நூல் மலிவாக வந்ததும் அது போயிற்று. நெசவாளர் அந்த மலிவு நூலையே வாங்கி நெய்து தாக்குப்பிடித்தார். சேலை, வேட்டி, கரை போட்ட துணி என்று மான்செஸ்டர் எளிதில் செய்ய முடியாததில் நின்றார்.

நெசவாளர் இழந்தது வெளிநாட்டுச் சந்தையை. அதற்கு முன் கம்பெனி கடலூர், சேலம் போன்ற இடங்களில் வணிக ரெசிடெண்ட் வைத்து, முன்பணம் கொடுத்துத் துணி வாங்கிக் கப்பலேற்றியது. 1813 சாசனத்தோடு இந்திய வணிகத்தில் கம்பெனியின் தனியுரிமை போயிற்று, 1833 சாசனத்தோடு கம்பெனி வணிகத்தையே நிறுத்தியது. முன்பணம் கொடுத்த கை நின்றுவிட்டது. இங்கிலாந்துக்குள் நுழைய நம் துணிக்குக் கனத்த சுங்கம், அங்கிருந்து இங்கே வர அவர்கள் துணிக்கு இரண்டரை சதவீதம் போன்ற பெயருக்குச் சுங்கம். இந்த ஏற்றத்தாழ்வை ஒரு வரியில் எழுதினால் போதும், அதிலேயே ஒரு பக்கம் ஓட்டாதீர்கள்.

சுங்கச்சாவடி

தறி வரி பற்றி யாரும் சொல்லவில்லை. ஆனந்தி "கம்பெனி தறிக்கும் வரி போட்டது" என்று எழுதியிருக்கிறார். சோழர் கல்வெட்டிலேயே தறி இறை உண்டு. இதில் கம்பெனியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

தறிக்காரன்_மகன்

அண்ணே, சோழர் வாங்கினால் வலிக்காதா? யார் வாங்கினாலும் தறிக்காரனுக்கு வலிதான்.

பழையபசலி

சுங்கச்சாவடி இந்த முறை பாதிக்கு மேல் சரி. தறி இறை பழையது. கம்பெனி அதைக் கடை, செக்கு, கைத்தொழில் வரிகளோடு சேர்த்து மோதர்பா என்ற பெயரில் தொடர்ந்து வாங்கியது. ஆகவே "போட்டது" தப்பு, "தொடர்ந்தது" சரி. ஆனால் வித்தியாசம் இங்கே: தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் தறிக்கு இவ்வளவு என்று வரி. ஏற்றுமதி நின்று வேலை பாதியானபோதும் தறி எண்ணிக்கை குறையவில்லை அல்லவா? நிலத்தில் விலை இறங்கியபோது நடந்ததேதான் இங்கேயும். சென்னையில் மோதர்பா 1861-இல்தான் எடுபட்டது, அதுவும் வருமான வரி என்று புதிதாக ஒன்று வந்த நேரத்தில்.

இன்னொன்று, துணி ஊருக்கு ஊர் போகும் வழியில் சாவடிச் சுங்கம். உங்கள் பெயருக்கே வந்துவிட்டேன் பாருங்கள். மாகாணத்துக்குள்ளேயே சரக்கு நகர்ந்தால் கட்ட வேண்டியிருந்த அந்தச் சுங்கம் 1844-இல் ஒழிந்தது. கம்பெனி ஆட்சி வணிகத்துக்குச் செய்த ஒரு நன்மை என்று இதைத் தாராளமாக எழுதலாம். உள்ளூர் நெசவாளருக்கும் நன்மை, உள்ளே வந்த சீமைத் துணிக்கு அதைவிட நன்மை.

அரியர்_ஆனந்தி

நிலவரியும் துணி வணிகமும் தனித்தனி பத்தியாக எழுதிவிட்டால் போதுமா, இல்லை இரண்டையும் இணைக்க வேண்டுமா?

பழையபசலி

இணைத்தால் கேள்விக்கே பதில் ஆகிறது. இப்படிப் பாருங்கள்: துணி வெளியே போனபோது அதற்கு விலையாக வெள்ளி உள்ளே வந்தது. அந்த வெள்ளி முன்பணமாக நெசவாளருக்கு, அவரிடமிருந்து அரிசி விற்றவருக்கு என்று சுற்றி, கடைசியில் தீர்வையாகக் கச்சேரிக்குப் போனது. ஏற்றுமதி விழுந்தபோது வெள்ளி வரத்து மெலிந்தது, தீர்வை மட்டும் வெள்ளி ரூபாயிலேயே வேண்டும் என்றது. கையில் காசு குறைவு, எல்லோரும் கிஸ்தி மாதத்தில் ஒரே நேரத்தில் நெல்லைச் சந்தையில் கொட்டுகிறார்கள், விலை இன்னும் இறங்காமல் என்ன செய்யும்? 1830, 1840-களின் மலிவு விலைக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கட்சி.

சுங்கச்சாவடி

இது ஊகம். நல்ல மழை, அமோக விளைச்சல் என்றாலும் விலை இறங்கும். போர்கள் ஓய்ந்து படைச் செலவு குறைந்தாலும் இறங்கும். அந்த வருடங்களில் உலகமெங்கும் விலை மந்தமாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் வெள்ளியில் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

பழையபசலி

"ஒரு காரணம்" என்றுதான் சொன்னேன். உலக விலை மந்தம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருந்த, ரயில் இல்லாத, மாட்டுவண்டி மட்டும் போன பெல்லாரிக்கு லண்டன் தானிய விலை எப்படி வந்து சேர்ந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சுங்கச்சாவடி

பருத்தி வழியாக வந்திருக்கலாம். கரிசல் பருத்தி வெளிநாடு போனதே. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

தறிக்காரன்_மகன்

ஒரு சந்தேகம். விலை இறங்கினால் வரி கனமாகும் என்றால், 1850-களுக்கு அப்புறம் விலை ஏறியபோது? அப்போது விவசாயி சுகமாக இருந்தாரா?

பழையபசலி

நல்ல கேள்வி, நிறையப் பேர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. விலை ஏறியதும் அதே பணத்தீர்வை லேசானது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1861 முதல் 1865 வரை, பருத்தி விலை துள்ளியதில் கரிசல்காட்டுப் பட்டாதாரர்கள் நன்றாகவே சம்பாதித்தார்கள். தீர்வை லேசானால் நிலத்துக்கு விலை வரும், விலை வந்தால் அடமானம் வரும், அப்புறம் கடன் கொடுப்பவர் வருவார். அரசும் சும்மா இருக்கவில்லை, முப்பது வருடத்துக்கு ஒருமுறை மறுநிர்ணயம் என்று அளந்து ஏற்றிக்கொண்டது. சுகம் யாருக்கு என்றால் மிச்சம் விற்க முடிந்தவருக்கு. கூலிக்குப் போனவர் அரிசியை வாங்கித் தின்பவர், அவருக்கு விலை ஏற்றம் எதிரி. 1876-78 பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்களில் அவர்களும் நெசவாளர்களும் உண்டு, இருவருமே சந்தையில் தானியம் வாங்குகிறவர்கள்.

அரியர்_ஆனந்தி

சரி, மாற்றி எழுதியிருக்கிறேன். பாருங்கள்:

"ரயத்துவாரி 1792-இல் பாரமகாலில் தொடங்கி 1820-இல் சென்னை மாகாணத்தின் பொது முறையானது, ஜமீன்களும் தொடர்ந்தன. வரி விகிதம் முந்தைய அரசுகளைவிடக் கூடியதா என்பதைவிட, நன்செய்த் தீர்வையும் பணமாகி விளைச்சலையும் விலையையும் சாராமல் நின்றதே பெரிய மாற்றம். 1820-களின் நடுவிலிருந்து விலை வீழ்ந்தபோது தீர்வையின் உண்மைச் சுமை உயர்ந்தது, அதன் வசூல் முறையை 1855 சித்திரவதை விசாரணை அறிக்கை காட்டுகிறது. அதே காலத்தில் துணி ஏற்றுமதி சரிந்தது, நூற்பு அழிந்தது, நெசவு இறக்குமதி நூலைச் சார்ந்து பிழைத்தது, மோதர்பா 1861 வரை நீடித்தது. ஏற்றுமதிச் சரிவால் வெள்ளி வரத்துக் குறைந்ததும் விலை வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்பர்."

பழையபசலி

"விளைச்சலைச் சாராமல்" என்பதற்குப் பக்கத்தில் வஜா என்ற சொல்லை வையுங்கள், இல்லாவிட்டால் தள்ளுபடியே கிடையாது என்று நீங்கள் நினைப்பதாகப் படும். உப்பு விட்டுப்போயிற்று, 1805-இல் சென்னையில் உப்பு அரசின் தனியுரிமையானது, அதையும் ஒரு வரி.

சுங்கச்சாவடி

"என்பர்" என்று போட்டது சரி. அந்தப் பருத்தி விஷயத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன், இழையைப் பூட்டிவிடாதீர்கள்.

கொல்லிமலை_குமார்

ஐயா, பட்டாவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தீர்வைக்குக் கீழே நீர்த்தீர்வை என்று தனியாகச் சில அணா போட்டிருக்கிறது. ஆனால் எங்கள் காடு மேட்டு நிலம், ஏரியும் இல்லை வாய்க்காலும் இல்லை. எதற்கு அது?